மாவு பஞ்சு மாதிரி வருகிறது, கல்லைத் தூக்கத்தான் தெம்பு வேண்டும் (5-க்கு 4)

2 லிட்டர் டில்டிங் கிரைண்டர், 150 வாட் மோட்டார். வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாரம் இரண்டு முறை மாவு அரைக்கிறோம். வீட்டில் நாங்கள் நாலு பேர். இதற்கு முன் பழைய பெரிய கிரைண்டர் இருந்தது. அது நின்றுபோன பிறகு கொஞ்ச நாள் மிக்சியில் ஓட்டினோம்.

முதலில் மாவு. மிக்சியில் உளுந்து அரைத்தால் ஜார் சூடாகும், மாவும் சூடாகும், ஐஸ் தண்ணீர் ஊற்றினாலும் இட்லி கல் மாதிரிதான் வந்தது. இதில் ஒரு டம்ளர் முழு உளுந்தை ஊறவைத்துப் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரை மணி நேரம் ஓடவிட்டால் டிரம்மில் பாதி உயரத்துக்குப் பொங்கி நிற்கிறது. கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. மறுநாள் காலை இட்லியைத் துணியிலிருந்து எடுக்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. மாமியார் ஒன்று கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, "இனிமே மிக்சியில போடாதம்மா" என்றார். அவர் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

ஆனால் 2 லிட்டர் என்று போட்டிருப்பதை நம்பி நாலு டம்ளர் இட்லி அரிசியையும் ஒரே தடவையில் கொட்டிவிடாதீர்கள். அரிசி அரைய அரைய மாவு ஏறி, நடுவில் இருக்கும் தண்டின் மேல் வழியாக உள்ளே இறங்கப் பார்க்கிறது. அங்கே இறங்கினால் டிரம்முக்கு அடியில் போய் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மூன்று டம்ளர் தாராளமாக அரைகிறது. நாலு என்றால் இரண்டு ஈடாகப் பிரித்துப் போடுங்கள், நேரமும் ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை.

புதுக் கல்லில் கருப்பாகத் தூள் வரும். கடைக்காரர் ஒரு முறை கழுவினால் போதும் என்றார், போதாது. பழைய அரிசி ஒரு கைப்பிடி போட்டுத் தண்ணீர் விட்டு ஓட்டி, கீழே கொட்டி, மறுபடி ஓட்டி, தண்ணீர் வெள்ளையாக வரும்வரை செய்தேன். அதற்கப்புறம்தான் சாப்பிடுகிற மாவு அரைத்தோம். பல்லில் நறநறப்பு இதுவரை இல்லை.

சத்தம் பரவாயில்லை. பக்கத்து அறையில் பிள்ளைகள் படிக்கலாம், டிவி ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை. சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் குறையும். அந்த நேரத்தில் கெட்டியான உளுந்தோடு சுவிட்சைப் போட்டால் உறுமிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது. அதனால் மதியமே அரைத்துவிடுகிறேன். கல் சுற்றத் தொடங்கிய பிறகு உளுந்தைப் பிடி பிடியாகப் போடுவது மோட்டாருக்கும் நல்லது.

டில்டிங் என்பதால் டிரம்மைச் சாய்த்து மாவை வழித்துக்கொள்ளலாம் என்று வாங்கினோம். அது உண்மைதான், மாவு நன்றாகவே வருகிறது. ஆனால் கழுவுவதற்கு இரண்டு குழவியும் சேர்ந்த அந்தக் கல்லைத் தூக்கித்தான் ஆக வேண்டும். மாவு வழுக்கும், கல் கனம். முழங்கை வலி, மூட்டு வலி உள்ளவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். என் மாமியாரால் முடிவதில்லை, நானோ என் கணவரோதான் தூக்கி வைக்கிறோம். குழவி சுற்றும் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் இடுக்கில் மாவு தங்கும். பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துக் காயவைத்தால்தான் புளித்த வாடை வராது.

பிடிக்காதது வைப்பர். டிரம் ஓரத்தில் ஒட்டும் மாவைத் தள்ளிவிடும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, சுவரோடு ஒட்டி நிற்காமல் ஒரு விரல் பருமனுக்கு மாவை விட்டுவிடுகிறது. கரண்டியால் இரண்டு மூன்று முறை தள்ளிவிட வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் ஓரத்தில் முழு உளுந்து அப்படியே நிற்கும். கடையில் சொன்னதற்கு வேறு வைப்பர் தருகிறேன் என்றார்கள், இன்னும் வரவில்லை. ஒரு நட்சத்திரம் குறைத்தது இதற்காகத்தான்.

கூடவே வரும் தேங்காய்த் துருவி வேலைக்கு ஆகாது. மூடியை அழுத்திப் பிடித்தால் கிரைண்டரே நகர்கிறது. சப்பாத்தி மாவு பிசையும் கட்டை பரவாயில்லை, எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் உருண்டு வருகிறது.

வயரும் நீளமாக இல்லை. மேடைக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே கடைக்காரரை வைத்துக்கொண்டு வைப்பர் டிரம்மில் உரசுகிறதா என்று ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வாரண்டி அட்டையில் சீலும் தேதியும் அங்கேயே போடச் சொல்லுங்கள்.