பள்ளி கேன்டீனில் சத்தான தின்பண்டங்கள் வேண்டி

மதுரை,
14 ஜூலை 2025

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் கயல்விழி தங்கள் பள்ளியில் 7ஆம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கிறாள். கேன்டீனில் பெரும்பாலும் பஃப்ஸ், பாக்கெட் சிப்ஸ், கலர் குளிர்பானங்கள்தான் கிடைக்கின்றன. காலை இடைவேளையிலேயே இவற்றைச் சாப்பிட்டுவிடுவதால் மதியச் சாப்பாடு பாதி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, பஜ்ஜி சுடும் சட்டியில் எண்ணெய் கறுத்துப் போயிருந்ததையும் பார்த்தேன்.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன.

சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொய்யா, கடலை மிட்டாய், மோர் போன்றவற்றை வைக்கலாமே! பிள்ளைகள் வாங்க மாட்டார்கள் என்று கேன்டீன்காரர் சொல்லக்கூடும். மாங்காய், தேங்காய் போட்ட சுண்டலை யார் வேண்டாம் என்பார்கள்? விலையை மட்டும் பத்து ரூபாய்க்குள் வைத்தால் போதும். சமோசாவை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை; வெள்ளிக்கிழமை மட்டும் இருக்கட்டும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பேச அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கயல்விழியின் தாய்