புள்ளியியலும் நிகழ்தகவும்: பத்தாம் வகுப்புக்கு எட்டு நாள் பயிற்சித் திட்டம்

இரண்டாம் திருப்புதல் தேர்வு அடுத்த செவ்வாய்க்கிழமை. இந்தத் திங்கள் தொடங்கி எட்டு நாளும் மாலை 45 நிமிடம் எட்டாம் பாடத்துக்கு. முதல் திருப்புதல் தாள்களில், சூத்திரம் தெரியாமல் போன மதிப்பெண்ணைவிடக் கேள்வியை அரைகுறையாகப் படித்துப் போனதே அதிகம். அதனால் இரண்டுக்கும் தினமும் இடம் உண்டு.

தினமும் முதல் 5 நிமிடம்: புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் சூத்திரங்களை எழுதுங்கள். பிறகு திறந்து, தவறியதைச் சிவப்பு மையில் திருத்துங்கள். மறுநாள் அந்தச் சிவப்பு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வரும் சூத்திரத்தையே பத்து முறை எழுதுவது கைக்கு வலி, வேறொன்றுமில்லை.

எழுத வேண்டியவை:
வீச்சு R = L − S, வீச்சுக்கெழு (L − S)/(L + S)
σ = √(Σx²/n − (Σx/n)²)
ஊகச் சராசரி முறை: d = x − A, σ = √(Σd²/n − (Σd/n)²)
முதல் n இயல் எண்கள்: σ = √((n² − 1)/12)
மாறுபாட்டுக் கெழு = (σ/x̄) × 100
P(A∪B) = P(A) + P(B) − P(A∩B)

திங்கள், செவ்வாய்: திட்டவிலக்கம். பயிற்சி 8.1-இல் நாளுக்கு நான்கு கணக்கு. அட்டவணைக்கு அளவுகோல் வைத்துக் கோடு போடுங்கள். Σd², (Σd)² இரண்டையும் குழப்புவது பெரும்பாலும் கோணலான அட்டவணையில்தான். எல்லா மதிப்புகளோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் திட்டவிலக்கம் மாறாது. 2-ஆல் பெருக்கினால் திட்டவிலக்கம் 2 மடங்கு, விலக்க வர்க்கச் சராசரி 4 மடங்கு. ஒரு மதிப்பெண் வினாவில் அடிக்கடி வருவது இதுதான்.

புதன்: தவறான பதிவுக் கணக்கு. இன்று ஒன்றே ஒன்று, நிதானமாக. 10 மதிப்புகளின் சராசரி 12, திட்டவிலக்கம் 3. 15 என்பதற்குப் பதிலாக 5 எனத் தவறுதலாகப் பதிந்துவிட்டார்கள். சரியான சராசரியும் திட்டவிலக்கமும் என்ன?

"பதிலாக" என்ற சொல்லைச் சுற்றி வட்டமிடுங்கள். அதற்கு முன் வரும் 15 சரியானது. பின் வரும் 5 நீக்க வேண்டியது.
தவறான Σx = 120. சரியானது 120 − 5 + 15 = 130. சராசரி 13.
தவறான Σx² = 10 × (9 + 144) = 1530. சரியானது 1530 − 25 + 225 = 1730.
σ² = 173 − 169 = 4, ஆக σ = 2.

பலர் 25-ஐக் கழித்து 225-ஐக் கூட்டாமல், வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி 10² = 100-ஐக் கூட்டிவிடுகிறார்கள். அப்போது 163 − 169 = −6. விலக்க வர்க்கச் சராசரி குறை எண்ணாக வரவே வராது. வந்தால் பேனாவை வைத்துவிட்டு Σx² வரிக்குத் திரும்புங்கள்.

வியாழன்: மாறுபாட்டுக் கெழு. சராசரி 40, σ 5 என்றால் 12.5%. சராசரி 25, σ 4 என்றால் 16%. σ பெரிதாக இருந்தும் முதல் தொகுப்பே அதிக நிலைத்தன்மை கொண்டது. "எது அதிக நிலைத்தன்மை உடையது" என்றால் விடை கெழு குறைவானது. "அதிக" என்ற சொல்லைப் பார்த்துப் பெரிய எண்ணை எழுதிவிடாதீர்கள்.

வெள்ளி, சனி: நிகழ்தகவு. முதல் வேலை கூறுவெளியை எழுதுவது. பிறகுதான் சூத்திரம். மூன்று நாணயங்களுக்கு 8 விளைவுகள்: சரியாக இரண்டு தலை 3/8, குறைந்தபட்சம் இரண்டு தலை 4/8, அதிகபட்சம் இரண்டு தலை 7/8. ஒரு சொல் மாறியதும் விடை எப்படி மாறுகிறது பாருங்கள்.

இரு பகடைகளில் கூடுதல் 8 அல்லது இரட்டை எண்கள் (இரண்டு பகடையிலும் ஒரே எண்): 5/36 + 6/36 − 1/36 = 10/36 = 5/18. கழித்த அந்த ஒன்று (4, 4). அதை மறப்பவர்கள் 11/36 எழுதுவார்கள். "அல்லது" வந்தால் பொதுவான விளைவு உண்டா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால்தான் அவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்.

ஞாயிறு: சொற்கணக்கு மட்டும். 40 மாணவர்களில் 22 பேர் கிரிக்கெட், 15 பேர் கபடி, 9 பேர் இரண்டும் ஆடுகிறார்கள். வென்படம் வரைந்து நடுவில் 9-ஐ முதலில் எழுதுங்கள். கபடி மட்டும் 15 − 9 = 6, எனவே 6/40. "மட்டும்" கண்ணில் படாவிட்டால் 15/40 என்று போய்விடும். ஏதேனும் ஒன்று 28/40, இரண்டுமே இல்லை 12/40.

இதே முறையில் ஐந்து கணக்கு: கேள்வியை இருமுறை படித்து, தரப்பட்டதை ஒரு வரியிலும் கேட்டதை ஒரு வரியிலும் எழுதிய பிறகே கணக்கிடத் தொடங்குங்கள்.

அடுத்த திங்கள்: நேரம் வைத்து. இரண்டு மதிப்பெண் வினா மூன்று, ஐந்து மதிப்பெண் வினா இரண்டு, 30 நிமிடம். மீதி 10 நிமிடத்தில் ஒவ்வொரு தவறுக்கும் அருகே "சூ" (சூத்திரம்), "வா" (வாசிப்பு), "க" (கணக்கீடு) என்று குறித்து, தாளை அன்றே வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். "வா" இரண்டுக்கு மேல் இருந்தால், தேர்வன்று காலையில் புதிய கணக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் கணக்குகளின் முதல் இரண்டு வரிகளை மட்டும் மறுபடி எழுதிப் பாருங்கள்.