படத்தில் இடது கை மட்டும் தெரியாது

முதல் மேடைப் பேச்சு முடிந்தது. தேசிய நூலக வார விழா, எங்கள் ஊர்க் கிளை நூலகம். செய்தித்தாள் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு 40 பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைப்பு, இந்திய நூலகத் துறையின் முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகள். கொடுத்த நேரம் 7 நிமிடம், பேசியது 5 நிமிடம் 10 வினாடி.

படத்தைப் பார்த்துவிட்டு "எவ்வளவு நிதானமா நிக்கிறே!" என்று காலையிலிருந்து செய்தி வந்துகொண்டிருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இடது கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதைப் பூச்சாடி மறைத்துவிட்டது. கை நடுங்கியது. லேசாக எல்லாம் இல்லை, மோதிரம் மேசைக் கண்ணாடியில் பட்டு டிக் டிக் என்று எனக்குக் கேட்கிற அளவுக்கு.

என்னை மாதிரி கூச்ச சுபாவக்காரர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள் என்பதால் எது எங்கே சொதப்பியது என்று விவரமாகவே எழுதுகிறேன்.

யார் கையை நீட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கம் எப்போதும் இருக்கும். நொடிக்கு 8 முதல் 12 தடவை. மேடை ஏறும்போது சுரக்கிற அட்ரினலின் தசைக்குப் போய் அந்த நடுக்கத்தைத்தான் பெரிதாக்குகிறது. விரல் சில்லிடுவதும் வாய் உலர்வதும் அதே கணக்கில்தான். "பயப்படாதே" என்று மனசுக்குச் சொல்வதால் அது உடனே அடங்காது. ரத்தத்தில் இறங்கியது தணிய நேரம் எடுக்கும். எனக்கு முதல் ஒன்றரை நிமிடம் மோசம், மூன்றாவது நிமிடத்தில் பாதி, கடைசியில் விரல் நுனியில் மட்டும். மதியம் குடித்த இரண்டு காபியும் உதவி செய்யவில்லை. கஃபீன் நடுக்கத்தைக் கூட்டும் என்று தெரிந்தேதான் இரண்டாவதைக் குடித்தேன்.

பெரிய துரோகம் செய்தது தாள். பேச்சுக் குறிப்பை அஞ்சலட்டை அளவில், அதாவது 14க்கு 9 சென்டிமீட்டர் கெட்டி அட்டையில் எழுதி வைத்திருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும், கை ஆடினாலும் அட்டை வளையாது, சத்தம் போடாது. ஆனால் மேடையில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைக் கடைசி நிமிடத்தில் ஒரு ஏ4 தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஏ4 தாளின் நீளம் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். கீழ் ஓரத்தைப் பிடித்தால் விரலில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் மேல் முனையில் படபடப்பாகிவிடுகிறது. போதாக்குறைக்கு அது மைக்குக்குப் பக்கத்தில் இருந்தது. "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று நான் சொல்லும்போது ஸ்பீக்கரில் தகரக் கூரைமேல் தூறல் விழுகிற சத்தம். தாளை மேசையில் வைத்துவிட்டேன், தூறல் நின்றது. நிமிர்ந்து பார்த்துச் சொன்னதில் ஒருவர் பெயர் விட்டுப்போயிற்று. இறங்கியதும் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் கவனிக்கவே இல்லையாம்.

அடுத்தது பொன்னாடை. பேசுவதற்கு முன்னாலேயே போர்த்திவிட்டார்கள். வழுக்குகிற ஜரிகைத் துணி. அதைத் தோளில் நிறுத்த ஒரு கை, மைக்குக்கு ஒரு கை, அட்டைக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது? வாங்கிய உடனே மடித்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு வருவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை என்று இப்போது தெரிகிறது.

மைக் ஸ்டாண்டில் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். கையில் எடுத்தால் நடுக்கமும் கூடவே ஸ்பீக்கருக்குப் போகும், மோதிரம் உரசுவது உள்பட. நான் கழற்றினேன். ஸ்டாண்ட் எனக்கு முன்னால் பேசியவரின் உயரத்துக்கு இருந்தது, திருகைத் தளர்த்தி இறக்குவதற்குக் கூச்சம். பத்து வினாடி வேலை அது. கூட்டம் வரும் முன்பே மைக்செட்காரரிடம் சொல்லி உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கையில்தான் பிடித்தாக வேண்டும் என்றால் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், ஆட்டம் குறையும். வாய்க்கும் மைக்குக்கும் மூன்று நான்கு விரற்கடை இருந்தால் போதும். வலைத்தலையைப் பொத்திப் பிடித்தால் கூவும்.

உருப்படியாகச் செய்தவையும் உண்டு. முதல் நான்கு வரியை மட்டும் மனப்பாடம், மீதிக்கு அட்டை. வீட்டில் நின்றுகொண்டு, வாய்விட்டு, கையில் குழம்புக் கரண்டியோடு ஆறு தடவை ஒத்திகை. உட்கார்ந்து மனசுக்குள் படிப்பது ஒத்திகையே இல்லை, நாக்கு அங்கே வேலை செய்வதில்லை. டம்ளருக்குப் பதில் மூடி போட்ட பாட்டில், அதுவும் பாதித் தண்ணீர். எழுந்திருக்கும் முன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டேன், ஐந்து முறை. நடுக்கத்தை அது நிறுத்தவில்லை. குரலை நடுங்காமல் வைத்தது.

நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறது என்று ஒருவர் அன்போடு ஒன்றை நீட்டினார். இதயத் துடிப்பைக் குறைக்கிற வகை அது, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து. டாக்டர் பார்த்து எழுதித் தராமல் யாரிடமும் வாங்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது அட்டை முடிந்ததும் "கை கொஞ்சம் நடுங்குது, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் "குடிம்மா, குடிம்மா" என்றார். சிரித்தார்கள். அதற்குப் பிறகு கையை ஒளிக்கிற வேலை இல்லாததால் பேச்சில் கவனம் வைக்க முடிந்தது. இதைப் பேச்சின் முதல் வரியாகச் சொல்லியிருந்தால் எல்லோரும் கையையே பார்த்திருப்பார்கள். நடுவில் ஒரே தடவை சொன்னது சரியாக அமைந்தது. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களைக் கேட்டேன், நான் சொல்லும்வரை யாருக்கும் தெரியவில்லையாம். தெரிந்ததெல்லாம் வேகம். வீட்டுக் கடிகாரத்தில் சரியாக 7 நிமிடம் வந்த பேச்சு மேடையில் ஓடுகிறது. அடுத்த முறை ஒவ்வொரு அட்டையின் அடியிலும் 'நில்' என்று சிவப்பில் எழுதப் போகிறேன்.

ஒரு தகவல், பேச்சில் சொன்னதுதான். 1892இல் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் ஐந்து விதிகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அவருக்குத் திக்குவாய் இருந்தது. இந்தத் தலைப்பை நான் கேட்டு வாங்கியதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது படம் என் குறிப்பில் நான்காம் அட்டை. ஜெல் பேனாவில் எழுதியது தப்பு. கட்டைவிரல் வேர்வையில் மை கரைந்து 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்ற வரியில் 'வா' மட்டும் பிழைத்திருக்கிறது. 5 நிமிடம் 10 வினாடியில் முடிந்ததற்கு இன்னொரு காரணம் இது: நான்காம் விதியை நான் சொல்லவே இல்லை.