அடுக்குக்குறி விதிகள்: பூஜ்யமும் மைனஸும் மேலே ஏறினால்

யாங்கூன் ஞாயிறு வகுப்பு, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு

பள்ளிக்கூடத்தில் இதைப் பர்மிய மொழியில் படிக்கிறீர்கள். வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் புரியட்டும் என்று இந்தத் தாளைத் தமிழில் எழுதுகிறேன். குறியீடு எந்த மொழியிலும் ஒன்றுதான். பெயர்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: 2⁵ என்பதில் கீழே இருக்கும் 2 அடிமானம், மேலே சின்னதாக ஏறி உட்கார்ந்திருக்கும் 5 அடுக்கு. அவ்வளவுதான்.

விதிகள் எல்லாம் இங்கே:

```
aᵐ × aⁿ = aᵐ⁺ⁿ
aᵐ ÷ aⁿ = aᵐ⁻ⁿ      (a ≠ 0)
(aᵐ)ⁿ = aᵐⁿ
(ab)ⁿ = aⁿ bⁿ
(a/b)ⁿ = aⁿ / bⁿ     (b ≠ 0)
a⁰ = 1               (a ≠ 0)
a⁻ⁿ = 1 / aⁿ         (a ≠ 0)
```

முதல் ஐந்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். மறந்துபோனால் விரித்து எழுதிப் பாருங்கள். 2³ × 2⁴ என்றால் மூன்று இரண்டுகள், அப்புறம் நான்கு இரண்டுகள். ஆக ஏழு இரண்டுகள், 2⁷ = 128. (2³)⁴ என்றால் மூன்று இரண்டுகள் கொண்ட கட்டு நான்கு. ஆக பன்னிரண்டு இரண்டுகள், 2¹² = 4096. எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்ற குழப்பம் விரித்து எழுதினால் தானாகத் தீரும்.

இரண்டு இடங்களில் மட்டும் கை நழுவும். அடிமானம் வேறுவேறாக இருந்தால் முதல் விதி செல்லாது: 2³ × 3² என்பது 8 × 9 = 72. அதை 6⁵ என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள், அது 7776. இன்னொன்று, கூட்டலுக்கு இங்கே விதியே கிடையாது. 2³ + 2⁴ என்பது 8 + 16 = 24, அவ்வளவுதான்.

இனி கடைசி இரண்டு விதிகள். இந்தத் தாளை எழுத உட்கார்ந்ததே இவற்றுக்காகத்தான்.

பூஜ்யம்

போன மாதத் தேர்வில் 7⁰ எவ்வளவு என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் 0 என்று எழுதியிருந்தார்கள். ஒரு பையன் 7 என்று எழுதிவிட்டு, "சயா, பெருக்கவே இல்லையே, அப்போ 7 அப்படியேதானே இருக்கும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தப்பு அவனுடையது இல்லை, எங்களுடையது. "அடிமானத்தை அத்தனை தடவை பெருக்கு" என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போனால் 7⁰ என்றால் பூஜ்யம் தடவை பெருக்க வேண்டும். ஒன்றுமே செய்யவில்லை, ஆகவே ஒன்றுமே இல்லை என்று மனசு போகிறது. சொல்லப்போனால் அந்த வாக்கியம் 7¹ வரும்போதே ஆட்டம் காண்கிறது. ஒரு தடவை பெருக்கு என்றால் எதை எதோடு பெருக்குவது?

அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்வோம். 1-ல் தொடங்கி, அடிமானத்தால் அத்தனை தடவை பெருக்கு.

```
7² = 1 × 7 × 7
7¹ = 1 × 7
7⁰ = 1
```

கூட்டும்போது 0-லிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் 0-ஐக் கூட்டினால் எதுவும் மாறாது. பெருக்கும்போது எதையும் மாற்றாத எண் 1. அதனால் பெருக்கலின் வாசல்படி 1. உள்ளே ஒரு அடியும் வைக்கவில்லை என்றால் வாசலிலேயே நிற்கிறோம்.

"இது நீங்களே சௌகரியத்துக்கு மாற்றிக்கொண்டது" என்று யாராவது சொல்லலாம். சரி, நோட்டை வைத்துப் பார்ப்போம். உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார், 1987-ல் இந்த நாட்டில் 45 சாட் தாளும் 90 சாட் தாளும் வந்தன. 9 என்ற எண் மேல் அப்போதைய ஆட்சிக்கு இருந்த பிரியம் அப்படி. சில்லறை கொடுத்து வாங்குவதற்குள் கடைக்காரருக்குத் தலை சுற்றியிருக்கும். நமக்கு அந்தத் தாள்கள் நல்ல கணக்கு:

```
90 = 2 × 3² × 5
45 = 3² × 5
90 ÷ 45 = 2 × 3²⁻² × 5¹⁻¹ = 2 × 3⁰ × 5⁰
```

இரண்டு 45 சேர்ந்தால் ஒரு 90. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, விடை 2. அப்படியென்றால் 3⁰ × 5⁰ என்பது 1 ஆகத்தான் இருக்க வேண்டும். 3⁰ பூஜ்யம் என்று வைத்தால் விடை பூஜ்யம் ஆகிவிடும், 90 சாட் தாளே மாயமாய்ப் போகும். 3⁰ = 3, 5⁰ = 5 என்று வைத்தால் விடை 30. வகுக்கும்போது அடுக்கைக் கழிக்கும் இரண்டாம் விதி உடையாமல் இருக்க வேண்டுமானால் 1-ஐத் தவிர வேறு வழியில்லை. எந்த அடிமானத்துக்கும் இதையே செய்யலாம்: aⁿ ÷ aⁿ ஒரு பக்கம் 1, இன்னொரு பக்கம் a⁰.

இங்கேயே பார்த்துவிடுங்கள், a பூஜ்யமாக இருந்தால் இந்த வழி அடைபடும், ஏனென்றால் 0-ஆல் வகுக்க முடியாது. அதனால்தான் விதிக்குப் பக்கத்தில் a ≠ 0 என்று போட்டிருக்கிறது. 0⁰ உங்கள் தேர்வில் வராது, நாமும் தொட வேண்டாம்.

மைனஸ்

2⁻³ என்றதும் −8 என்று எழுதுகிறீர்கள். சிலர் −6. கழித்தல் குறியைப் பார்த்ததும் விடையும் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும் என்று கை எழுதிவிடுகிறது. இன்னொரு கேள்வியும் வரும்: "மைனஸ் மூன்று தடவை எப்படிப் பெருக்குவது?" முடியாதுதான். பெருக்குவதைத் திருப்பிச் செய்தால் வகுத்தல். 1-ல் தொடங்கி மூன்று தடவை 2-ஆல் வகு. 1 ÷ 2 ÷ 2 ÷ 2 = 1/8. விடை சின்னதாகிறது, ஆனால் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போவதே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை, உங்கள் பாட்டிக்கு இது ஏற்கனவே தெரியும். சந்தையில் வெங்காயம் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 8 வீசையில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் பாதியாக்கிக்கொண்டு இறங்குவோம்:

```
2³  = 8      எட்டு வீசை
2²  = 4      நாலு வீசை
2¹  = 2      ரெண்டு வீசை
2⁰  = 1      ஒரு வீசை
2⁻¹ = 1/2    அரை
2⁻² = 1/4    கால்
2⁻³ = 1/8    அரைக்கால்
2⁻⁴ = 1/16   மாகாணி
```

அடுக்கு ஒன்று குறைந்தால் எடை பாதி. மேலிருந்து வரும் அதே நடை கீழே தொடர்கிறது, அவ்வளவுதான். ஒரு வீசையிலேயே நிற்க வேண்டிய அவசியம் என்ன? 2⁰ இருக்கும் இடத்தில் 0 வீசை என்று எழுதிப் பாருங்கள், படிக்கட்டு அங்கே இடிந்துவிடும். இரண்டின் பாதி பூஜ்யம் ஆகாது. கடைசிப் படியில் என்ன வரும்? கடைசிப் படி என்று ஒன்று இல்லை. எவ்வளவு இறங்கினாலும் தட்டில் ஏதோ கொஞ்சம் வெங்காயம் இருந்துகொண்டே இருக்கும். (கடைக்காரர் அந்த அளவுக்கு நிறுத்துத் தர மாட்டார் என்பது வேறு விஷயம்.)

பத்தின் அடுக்கும் இதே தராசில் இருக்கிறது. இங்கே ஒரு வீசையை நூறு பங்காகப் பிரிக்கிறார்கள். ஒரு பங்கு 10⁻² வீசை. வீசை சுமார் 1.63 கிலோ என்பதால், அந்தப் பங்கு 16 கிராம் சொச்சம்.

இதெல்லாம் உங்களுக்கு மட்டும் புதிதாகத் தெரிகிறது என்று நினைக்க வேண்டாம். அடுக்கை இப்படி மேலே ஏற்றி எழுதும் முறையை பிரெஞ்சுக் கணித அறிஞர் தேக்கார்த் 1637-ல் கையாண்டார். அதற்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, 1676-ல், மைனஸ் அடுக்கு என்றால் என்ன என்று நியூட்டன் ஒரு கடிதத்தில் விளக்கி எழுத வேண்டியிருந்தது. கடிதம் போனது படித்தவர்களுக்குத்தான்.

நான் சிவப்பு மையில் வட்டம் போடும் இடங்கள்

−3² என்பது −9. (−3)² என்பது 9. அடைப்புக்குறி இல்லையென்றால் அடுக்கு 3-க்கு மட்டும், மைனஸ் வெளியே காத்திருக்கும். இதே காரணத்தால் −5⁰ = −1. இதில் மாட்டாதவர்கள் குறைவு.

3x⁻² என்பதை 1/(3x²) என்று எழுதாதீர்கள். அடுக்கு x-ன் தலையில்தான் இருக்கிறது, 3 அது பாட்டுக்கு மேலேயே நிற்கும்: 3/x².

(2/3)⁻² வந்தால் முதலில் பின்னத்தைக் கவிழ்த்துவிடுங்கள், அப்புறம் வர்க்கம்: (3/2)² = 9/4. முதலில் 2⁻², 3⁻² என்று பிரித்து எழுதினாலும் விடை அதேதான், ஆனால் தாள் அசிங்கமாகும், நடுவில் எங்காவது தவறும்.

(−2)⁻³ என்பது −1/8. இங்கே மைனஸ் வந்தது அடிமானத்தால். அடுக்கின் மைனஸ் கவிழ்க்க மட்டுமே செய்தது. ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

அரை அடுக்கைப் பற்றி ஒரு வரி: 2^(1/2) × 2^(1/2) = 2¹ ஆக வேண்டும் என்பதால் அது √2. மீதி அடுத்த மாதம்.

அடுத்த ஞாயிறு கொண்டுவர வேண்டியவை

1. 5⁴ ÷ 5⁶
2. (4⁰ + 4⁻¹) × 8
3. (3⁻¹)⁻²
4. 6x⁵ ÷ 2x⁸
5. பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 1/320. அதை 2, 5 ஆகியவற்றின் அடுக்குகளாக எழுதுங்கள். முந்திரியின் முந்திரி, அதாவது 1/320-ல் 1/320 பங்கு, கீழ்முந்திரி. அதையும் எழுதுங்கள்.

விடைகள் கீழே இருக்கின்றன. முதலில் நீங்கள் போட்டுவிட்டு அப்புறம் பாருங்கள், தாத்தா கண்காணிக்கட்டும்.

1. 5⁻² = 1/25
2. (1 + 1/4) × 8 = 10
3. 3² = 9
4. 3x⁻³ = 3/x³
5. 320 = 2⁶ × 5, ஆகவே முந்திரி 2⁻⁶ × 5⁻¹. கீழ்முந்திரி (2⁻⁶ × 5⁻¹)² = 2⁻¹² × 5⁻² = 1/102400