மணி கேட்டால் கயிற்று ரயில்: மழலையர் வகுப்புக்கான தீ ஒத்திகை

3 முதல் 4 வயது வரையுள்ள 18 குழந்தைகள் இருக்கும் நமது தரைத்தள மழலையர் அறைக்காக இந்த ஒத்திகைத் திட்டம் எழுதப்பட்டுள்ளது. வகுப்பாசிரியர், துணை ஆசிரியர், உதவியாளர் ஆகிய மூவரும் முதல் நாளுக்கு முன்பே இதை முழுவதுமாக ஒருமுறை படித்துவிட வேண்டும். சென்ற ஒத்திகையில் மணி ஒலித்ததும் சில குழந்தைகள் அழுதார்கள். ஒரு குழந்தை மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, பெயர் சொல்லி அழைத்தும் வெளியே வரவில்லை. அழுகையைக் காட்டிலும் நாம் கவலைப்பட வேண்டியது அப்படி ஒளிந்துகொள்வதைப் பற்றித்தான். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறலாம். ஒளிந்த குழந்தையைப் புகை நிறைந்த அறையில் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே இம்முறை எத்தனை நிமிடத்தில் வெளியேறினோம் என்று கடிகாரம் பார்க்க வேண்டாம். மணி கேட்டவுடன் குழந்தை ஆசிரியரைத் தேடி வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

முதல் வாரத்தில் மணியே வேண்டாம். 20 பிடிவளையங்கள் கொண்ட நீலக் கயிற்றைக் கதவருகே தரையில் நீட்டி வைத்து, "கயிற்று ரயில்" என்று அதை அறிமுகப்படுத்துங்கள். வகுப்பாசிரியர் முன்வளையத்தையும் துணை ஆசிரியர் கடைசி வளையத்தையும் பிடித்துக்கொள்ள, இடையிலுள்ள 18 வளையங்களும் குழந்தைகளுக்கு உரியவை. உதவியாளரின் இரு கைகளும் காலியாக இருக்க வேண்டும், ஏனெனில் நடக்க மறுக்கும் குழந்தையைத் தூக்குவது அவருடைய பொறுப்பு. குழந்தைகளிடம் சொல்ல வேண்டிய சொற்களைப் பேச்சுவழக்கிலேயே கீழே கொடுத்திருக்கிறோம். மூவரும் ஒவ்வொரு முறையும் இதே சொற்களை, இதே மெதுவான குரலில் சொல்லுங்கள்.

"ரயில் கிளம்பப் போகுது, செல்லங்களா. எல்லாரும் டீச்சர்கிட்ட வாங்க. ஒரு கை வளையத்துல. பொம்மை இங்கயே தூங்கட்டும். நம்ம ரயில் ஓடாது, மெதுவா நடக்கும்."

பொம்மையை விட்டுவிட்டு வருவது இந்த வயதில் எளிதன்று. கையிலுள்ளதைப் பிடுங்காமல், அருகிலிருக்கும் பாயில் அதைப் படுக்க வைக்கச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் இணங்கிவிடுவார்கள். அறையிலிருந்து தாழ்வாரம் வழியாகப் பின்வாசலைக் கடந்து, விளையாட்டுத் திடலின் மஞ்சள் சுவர் வரை ரயில் செல்ல வேண்டும். அந்தச் சுவர்தான் நமது கூடுமிடம். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு குழந்தையும் சுவரில் உள்ளங்கையைப் பதித்து, "நான் வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு இது விளையாட்டு. நமக்கு இது எண்ணிக்கை. துணை ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குரலுக்கும் எதிரே குறித்துக்கொள்ளட்டும்.

இதே வாரத்தில் ஒரு நாள், தவழும் விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடான புகை மேலே எழும். சுவாசிக்கத்தக்க காற்று தரையை ஒட்டியே மிஞ்சியிருக்கும். குழந்தைகளுக்கு இந்த விளக்கம் தேவையில்லை. இரு பெரியவர்கள் ஒரு வெள்ளைத் துணியைக் குழந்தைகளின் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, "துணி மேல படாம கீழ கீழ போங்க" என்று சொன்னால் போதும். துணியைத் தலைமேல் போட்டு மூட வேண்டாம். இருட்டு இன்னொரு பயத்தைக் கிளப்பிவிடும்.

இரண்டாம் வாரத்தில் ஒலி வருகிறது. புகை உணர்கருவியின் ஒலி 3 மீட்டர் தொலைவில் சுமார் 85 டெசிபல் அளவில் இருக்கும். நாம் உரையாடும் குரலைவிட அது மிகவும் பலமானது. அத்துடன் முன்னறிவிப்பின்றிக் கேட்பதால், குழந்தை அஞ்சுவதில் வியப்பில்லை. அந்தப் பயத்தைப் பிடிவாதம் என்றோ நடிப்பு என்றோ எவரும் பேசக் கூடாது, "பெரிய பிள்ளை அழுமா?" என்ற கேள்வியும் வேண்டாம். மணியின் ஒலியைக் கைபேசியில் பதிவுசெய்து, மிகக் குறைந்த ஒலியளவில் வைத்து, குழந்தையின் விரலாலேயே தொடங்கவும் நிறுத்தவும் விடுங்கள். தான் அழுத்தினால் நிற்கும் என்று தெரிந்துவிட்ட ஒலி, பாதி பயத்தை இழந்துவிடுகிறது. ஒலியளவைக் கூட்டலாமா என்பதையும் குழந்தையிடமே கேளுங்கள்; வேண்டாம் என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொல்லாமல் ஒலியைக் கூட்டி ஒருமுறை ஏமாற்றிவிட்டால், பிறகு நம் சொல்லைக் குழந்தை நம்பாது.

"இந்த மணி நம்மளத் திட்டல. வெளிய வாங்கன்னு எல்லாரையும் கூப்பிடுது. அதுக்கு மெதுவா கூப்பிடத் தெரியாது, அதான் சத்தமா கூப்பிடுது."

மூன்றாம் வாரத்தில் உண்மையான மணியைக் குழந்தைகள் கேட்க வேண்டும், ஆனால் அறைக்குள் இருந்து அன்று. எல்லோரும் மஞ்சள் சுவரருகே அமர்ந்திருக்கும்போது, அலுவலகத்தில் இருப்பவர் 5 விநாடிகள் மட்டும் மணியை ஒலிக்கச் செய்வார். அதற்கு முன் "அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று அனைவரும் சேர்ந்து எண்ணுவோம். அடுத்த நாள் பின்வாசலருகே, அதற்கடுத்த நாள் தாழ்வாரத்தில் என்று இடத்தை நெருக்கிக்கொண்டே வரலாம். காதைப் பொத்திக்கொள்ள விரும்பும் குழந்தைக்கு, ஒரு காதைத் தோளில் சாய்த்து மற்றொன்றை ஒரு கையால் மூடிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். அப்போது வளையத்தைப் பிடிக்க இன்னொரு கை மிஞ்சும். ஒலியைத் தாங்கவே இயலாத 2 குழந்தைகளுக்கான காது மூடிகள் கதவருகே உள்ள கொக்கியில் தொங்க வேண்டும். அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் அவற்றால் பயனில்லை.

முழு ஒத்திகை நான்காம் வாரம் புதன்கிழமை காலை 10 மணிக்கு நடைபெறும். முந்தைய நாளே பெற்றோருக்கும் குழந்தைகளுக்கும் சொல்லிவிடுங்கள். அன்று ஒத்திகைக்கு முன் கண்ணாமூச்சி போன்ற ஒளியும் விளையாட்டுகள் எவையும் வேண்டாம். மணி ஒலித்ததும் வகுப்பாசிரியர் கதவருகே சென்று, குழந்தைகளின் கண்மட்டத்துக்குக் குனிந்து, கயிற்று ரயிலின் சொற்களைத் தொடங்குவார். துணை ஆசிரியர் மேசைகளுக்கு அடியிலும் திரைக்குப் பின்னாலும் கழிப்பறையிலும் பார்த்துவிட்டு, இறுதியாக வெளியேறிக் கதவைச் சாத்துவார். பூட்டக் கூடாது, சாத்திய கதவு தீயும் புகையும் பரவுவதைத் தாமதப்படுத்தும், பூட்டிய கதவோ உதவிக்கு வருபவர்களைத் தடுக்கும். ஒரு குழந்தை உறைந்து நின்றுவிட்டால், உதவியாளர் அதைக் கெஞ்சிக்கொண்டு நிற்காமல், "நான் தூக்கிக்கிறேன், கண்ணு" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தூக்கிக்கொள்ளட்டும். சமாதானப்படுத்துவதெல்லாம் மஞ்சள் சுவரருகே சென்ற பின்புதான்.

சுவரருகே 18 குரல்களும் கேட்ட பிறகே மணி நிறுத்தப்படும். அழுத குழந்தையிடம், "அழுதாலும் வளையத்தை விடாம வந்தியே" என்று அது செய்ததைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். முந்தி வந்தவருக்குப் பரிசு கொடுக்காதீர்கள். பரிசு வந்தால் ரயில் ஓடத் தொடங்கிவிடும். அன்று மாலைக்குள் யார் அழுதார்கள், யார் ஒளிய முயன்றார்கள், யாரைத் தூக்க நேர்ந்தது என்பதைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஒளிய முயன்ற குழந்தை இருந்தால், அதற்கு மட்டும் இரண்டாம் வாரத்துப் பயிற்சியை மீண்டும் தொடங்குங்கள். அடுத்த ஒத்திகை பிற்பகல் உறக்க நேரத்தில் நடைபெறும். அன்று காலணி அணிவிக்க நேரம் செலவிடாமல், பாதி உறக்கத்திலுள்ள குழந்தைகளை வெறுங்காலுடனேயே வளையங்களைப் பிடிக்க வைத்து அழைத்து வர வேண்டும்.