விளக்கம் கோரும் அறிவிப்பு

நாள்: 16 ஜூன் 2025
நேரில் ஒப்படைக்கப்படுகிறது – அந்தரங்கம்

பெறுநர்: இரவுநேர மேற்பார்வையாளர் (பணியாளர் எண் 0417), உறைநிலை உணவுக் கிடங்கு, ஜூரோங்

பொருள்: 3ஆம் எண் உறைநிலை அறையின் வெப்பநிலைப் பதிவேட்டில் உண்மைக்கு மாறான பதிவுகள் செய்ததாக எழுந்துள்ள குற்றச்சாட்டு

ஐயா,

கடந்த 10 ஜூன் இரவு தாங்கள் பொறுப்பில் இருந்த பணிநேரத்தில், மேற்படி அறையின் பதிவேட்டில் பின்னிரவு 3 மணிக்கும் காலை 5 மணிக்கும் வெப்பநிலை –18 பாகை செல்சியஸ் என எழுதப்பட்டு, இரண்டு பதிவுகளிலும் தங்கள் கையொப்பம் இடப்பட்டுள்ளது. ஆனால் அறையின் தானியங்கிப் பதிவுக் கருவியோ, பின்னிரவு 1.40 முதல் காலை 5.20 வரை வெப்பநிலை –9 பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை எனக் காட்டுகிறது. 1.52 மணிக்கு எச்சரிக்கை மணி தங்கள் நுழைவு அட்டையைக் கொண்டு நிறுத்தப்பட்டதும், 2.05 மணிக்குக் கிடங்கைவிட்டு வெளியேறிய தாங்கள் 5.10 மணிக்கே திரும்பியதும் முறையே அட்டைப் பதிவிலும் கண்காணிப்புக் கேமராவிலும் பதிவாகியுள்ளன. அதாவது, 3 மணிப் பதிவும் 5 மணிப் பதிவும் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் நேரங்களில் தாங்கள் கிடங்கிலேயே இல்லை. மறுநாள் சோதனையில் இளகியிருந்தது தெரியவந்த 640 கிலோ இறாலும் ஆட்டிறைச்சியும் அப்புறப்படுத்தப்பட்டன.

குளிரூட்டும் இயந்திரம் பழுதானதற்காகத் தங்கள்மீது குறைகூறப்படவில்லை. எச்சரிக்கை மணியை நிறுத்திய பின் பழுதைத் தெரிவிக்காமல் பணியிடத்தைவிட்டு நீங்கியதும், பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதியதுமே குற்றச்சாட்டு. இது மெய்ப்பிக்கப்பட்டால் கடுமையான ஒழுங்கீனமாகும்.

எனவே, தங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக்கூடாது என்பதற்கான விளக்கத்தை, 20 ஜூன் 2025 வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் மனிதவளப் பிரிவில் எழுத்து மூலம் அளிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். விளக்கம் தமிழிலேயே இருக்கலாம். மேற்குறித்த பதிவுகளின் நகல்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. கேமராக் காட்சிகளைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டித் தெரிவித்து அலுவலகத்தில் பார்வையிடலாம். விசாரணை 23 ஜூன் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு நடைபெறும். அதற்குச் சக ஊழியர் ஒருவரைத் தாங்கள் துணைக்கு அழைத்துவரலாம்.

வேலை நியமனச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அனுமதிப்பதற்கிணங்க, விசாரணையின் பொருட்டு 17 ஜூன் முதல் 23 ஜூன் வரை தாங்கள் பாதிச் சம்பளத்துடன் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்படுகிறீர்கள். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாவிட்டால் பிடித்தம் செய்த சம்பளம் முழுமையாகத் திருப்பித் தரப்படும். இக்காலத்தில் கிடங்கிற்குள் நுழைவதையும், அன்றிரவு பணியில் இருந்த ஊழியர்களிடம் இதுபற்றிப் பேசுவதையும் தவிர்க்கவும். அவர்களில் எவரையேனும் சாட்சியாக அழைக்க வேண்டுமாயின் மனிதவளப் பிரிவு அதற்கு ஏற்பாடு செய்யும்.

குறித்த காலத்திற்குள் விளக்கம் வராவிட்டால், கையிலுள்ள ஆவணங்களின் அடிப்படையிலேயே விசாரணை தொடரும். இந்த அறிவிப்பு எந்த முடிவையும் குறிப்பதல்ல. ஆயினும், விசாரணைக்குப் பின் பதவி இறக்கம், பணிநீக்கம் உட்படச் சட்டமும் பணி ஒப்பந்தமும் அனுமதிக்கும் எந்த நடவடிக்கையையும் எடுக்கும் உரிமையை நிர்வாகம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. முன்பு எச்சரிக்கை எதுவும் பெறாத தங்கள் ஆறாண்டுப் பணிக்காலமும் அப்போது கருத்தில் கொள்ளப்படும்.

இதன் நகலில் கையொப்பமிட்டுத் தரவும். அக்கையொப்பம் அறிவிப்பைப் பெற்றதற்கு மட்டுமே சான்று, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது.

இப்படிக்கு,
மனிதவள மேலாளர்
நிர்வாகத்திற்காக