நேற்று நான் 'கீ தப்பு' என்று சொன்ன 67-வது கேள்வி: கீ சரிதான்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய மெசேஜ். படிக்க நேரமில்லை என்றால் முதலில் இதை மட்டும் செய்துவிடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை எழுதிய மாக் டெஸ்டில் வேதியியல் 67-வது கேள்விக்கு விடை C, 6.98. நேற்று ராத்திரி நான் "விடை A, கீ தப்பு" என்று குரூப்பில் போட்டேன். அது பிழை. என் பேச்சை நம்பி சந்துருவும் ஜெனிஃபரும் தவறு நோட்டில் 'கீ தவறு' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து அதை அடித்துவிடுங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் அந்த நோட்டைத்தான் புரட்டப் போகிறோம், அதில் தப்பான ஒரு வரி இருக்கக் கூடாது.

கேள்வி இதுதான்: 25 டிகிரி செல்சியஸில் 10⁻⁸ M HCl கரைசலின் pH என்ன? (A) 8 (B) 7 (C) 6.98 (D) 6.96.

நான் போட்டது A. HCl வலிமையான அமிலம், முழுவதும் அயனியாகிவிடும், அதனால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10⁻⁸, மைனஸ் லாக் எடுத்தால் 8. பத்து வினாடி கூட ஆகவில்லை. 10⁻² என்றால் 2, 10⁻³ என்றால் 3 என்று ஒரு வருஷமாகப் போட்டுப் போட்டு கை அப்படியே பழகிவிட்டது. ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்பும்போது எனக்குத் துளி சந்தேகம் இல்லை. கீயில் C என்று பார்த்ததும் அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

இன்று காலை அம்மாவோடு காசிமேட்டுக்குப் போயிருந்தேன். ஏலம் முடிகிற வரைக்கும் கையில் அந்தக் கேள்வித்தாள்தான். கடல்நீரின் pH 8.1 சுற்றி இருக்கும் என்று சுற்றுச்சூழல் பாடத்தில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் சொன்ன விடைப்படி பார்த்தால், சுத்தமான தண்ணீரில் ஒரு துளி அமிலம் விட்டதும் அது கடல்நீர் போலக் காரமாகிவிட வேண்டும். அமிலத்தை ஊற்றி எப்படிக் காரம் வரும்? எவ்வளவு நீர்த்தாலும் அமிலக் கரைசலின் pH 25 டிகிரியில் 7-ஐத் தாண்டவே முடியாது. அங்கேயே A அடிபட்டுப் போகிறது.

தப்பு எங்கே என்றால், நான் தண்ணீரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. pH என்பது கரைசலில் இருக்கிற மொத்த ஹைட்ரஜன் அயனியைப் பொறுத்தது. அது அமிலத்திலிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்து வந்ததா என்ற பேதம் அதற்கு இல்லை. சுத்தமான தண்ணீரே கொஞ்சம் அயனியாகி 10⁻⁷ M ஹைட்ரஜன் அயனி தருகிறது. வழக்கமான கணக்குகளில் அமிலம் அதைவிட ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு தருவதால் தண்ணீரின் பங்கை விட்டுவிடுகிறோம், விடையும் சரியாக வருகிறது. இங்கே அமிலம் தருவது 10⁻⁸. தண்ணீர் தருவதில் பத்தில் ஒரு பங்குதான். பெரியதை விட்டுவிட்டுச் சின்னதை மட்டும் எண்ணியிருக்கிறேன்.

சரி, இரண்டையும் கூட்டினால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 10⁻⁷ + 10⁻⁸ = 1.1 × 10⁻⁷, pH 6.96. விடை D! அன்வர் டெஸ்டில் இதைத்தான் போட்டிருந்தான். அன்வர், நீ என்னைவிட ஒரு படி மேலே போய்த் தண்ணீரை யோசித்திருக்கிறாய். ஆனால் D-யும் தப்பு. இந்தக் கேள்வியின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

தண்ணீர் 10⁻⁷ தருவது தனியாக இருக்கும்போது மட்டும்தான். அமிலம் வந்து ஹைட்ரஜன் அயனியைக் கூட்டியதும் தண்ணீரின் சமநிலை பின்பக்கமாக நகர்கிறது, லீ சாட்லியர் கொள்கை. கொஞ்சம் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் மறுபடி சேர்ந்து தண்ணீராகிவிடும். டி.எச். ரோட்டில் ஓடும் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏற்கெனவே பத்துப் பேர். தண்டையார்பேட்டையில் ஒருவர் ஏறுகிறார். நெரிசல் தாங்காமல் ஏற்கெனவே இருந்தவர்களில் சிலர் இறங்கிவிடுகிறார்கள். அப்போது உள்ளே இருப்பது பதினொன்றும் இல்லை, பழைய பத்தும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அந்த நடு எண் என்ன என்பதுதான் கணக்கு.

10⁻⁸-ஐ ஒரு 'ஆள்' என்று வைத்துக்கொண்டால் கணக்கு மிகவும் லேசாகிவிடும். மொத்த ஹைட்ரஜன் அயனி y ஆள். அதில் 1 அமிலத்திலிருந்து வந்தது, மீதி y − 1 தண்ணீர் தந்தது. தண்ணீர் ஹைட்ரஜன் அயனி தரும்போதெல்லாம் அதே அளவு ஹைட்ராக்சைடும் தருகிறது, அதனால் ஹைட்ராக்சைடும் y − 1. இரண்டின் பெருக்கல் Kw, அதாவது 10⁻¹⁴. நம் ஆள் கணக்கில் அது 100.

```
y (y - 1) = 100
y² - y - 100 = 0
y = (1 + √401) / 2 = (1 + 20.025) / 2 ≈ 10.51

[H⁺] = 10.51 × 10⁻⁸ M
pH   = 8 - log 10.51 = 8 - 1.02 = 6.98
```

பரீட்சையில் கால்குலேட்டர் கிடையாது என்று பயப்பட வேண்டாம். 20 × 20 = 400, அதனால் √401 இருபதுக்கு ஒரு நூல் மேலே. லாகுக்கு 10.5 = 21 ÷ 2 என்று வைத்து, நமக்கு மனப்பாடமாகத் தெரிந்த log 3, log 7, log 2 போட்டால் 0.4771 + 0.8451 − 0.3010 = 1.0212. முடிந்தது.

சரிபார்த்தும் பார்த்தேன். ஹைட்ராக்சைடு 9.51 ஆள். 10.51 × 9.51 பெருக்கினால் 99.95 வருகிறது, ஏறக்குறைய 100. தண்ணீர் தனியாக இருந்தபோது பத்து தந்தது, இப்போது ஒன்பதரைதான் தருகிறது. அந்த அரை ஆள்தான் 6.96-க்கும் 6.98-க்கும் உள்ள வித்தியாசம். கூட்டுத்தொகை பதினொன்றை எட்டவே எட்டாது என்று புரிந்துவிட்டால் கணக்கே போடாமல் விடை சொல்லலாம்: pH 7-க்குக் கீழே, 6.96-க்கு மேலே. நான்கு விடைகளில் அப்படி இருப்பது C மட்டும்.

இனி எப்போது தண்ணீரைச் சேர்க்க வேண்டும், எப்போது விடலாம்? இதற்காக மூன்று செறிவுக்குப் போட்டுப் பார்த்தேன். 10⁻⁶ M HCl-க்கு முழுக் கணக்கும் போட்டால் 5.996. சும்மா 6 என்றே எழுதலாம். 10⁻⁷ M-க்கு 6.79 வருகிறது. இங்கே 7 என்று போட்டால் தப்பு. 10⁻⁸-க்கு 6.98. ஆகவே 10⁻⁶ வரைக்கும் பழைய வழியிலேயே போகலாம், அதற்குக் கீழே இறங்கினால் நின்று தண்ணீரையும் எண்ண வேண்டும்.

இன்னொரு விஷயம். இதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டும் வரும். போன மாதத் தாளில் "pH 5 உள்ள HCl கரைசலை 1000 மடங்கு நீர்த்தால் pH என்ன?" என்று கேட்டிருந்தார்களே, அதுவும் இதுதான். வீட்டில் லாரித் தண்ணீர் பிடிக்கிற குடம் சுமார் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் ஒரு பெரிய கரண்டி, 15 மில்லி, ஊற்றுவது ஆயிரம் மடங்கு நீர்த்தல். 10⁻⁵ ஆயிரம் மடங்கு குறைந்து 10⁻⁸ ஆகிறது. அன்றைக்கு நம்மில் மூன்று பேர் 5 + 3 = 8 என்று போட்டோம், கீயைப் பார்க்கவே இல்லை. அதையும் இன்றே திருத்திவிடுங்கள், அங்கேயும் 6.98. அமிலத்துக்குப் பதில் 10⁻⁸ M NaOH கேட்டால் இதே கணக்கு தலைகீழாக வந்து pH 7.02. கேள்வியில் 25 டிகிரி என்று இருப்பதும் அலங்காரத்துக்கு இல்லை. வெப்பநிலை ஏறினால் Kw கூடும், நடுநிலை pH 7-க்குக் கீழே இறங்கும். வேறு வெப்பநிலை கொடுத்தால் Kw மதிப்பும் கேள்வியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

புத்தகத்தில் பார்க்க விரும்பினால் நம் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் இரண்டாம் தொகுதி, 'அயனிச் சமநிலை' பாடம். நீரின் அயனிப் பெருக்கம் வருகிற பக்கங்களை நான் போன மாதம் வேகமாகத் தாண்டிவிட்டேன். இன்று மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

நிவேதா அக்கா, நேற்று ராத்திரி "கீயை உடனே தப்பு சொல்லாதே, முதலில் அது ஏன் சரியாக இருக்கலாம் என்று போட்டுப் பார்" என்று நீங்கள் சொன்னபோது நான் கேட்கவில்லை. நீங்கள் போன வருஷம் ஒரு தடவை பரீட்சை எழுதியவர், சொன்னதில் காரணம் இருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்வியில் மட்டும் சரியான விடையின் 4 மதிப்பெண்ணும் போய், தப்புக்கு 1-ம் போய், எனக்கு 5 வித்தியாசம். என் மொத்தம் 412 என்று நேற்று போட்டிருந்தேன், 67-க்கு நானே நான்கு மார்க் கொடுத்து. சரியான கணக்கு 407. அட்டவணையில் மாற்றிவிட்டேன். சந்துரு, ஜெனிஃபர், நீங்கள் இருவரும் A தான் போட்டிருந்தீர்கள், உங்கள் மொத்தத்திலும் ஐந்து குறைத்துவிடுங்கள்.

கீயோடு ஒத்துப்போகாத மற்ற இரண்டும் சின்னவை. 12-வதில் எனக்குச் சரியான விடை தெரிந்தும் பக்கத்து வட்டத்தை நிரப்பிவிட்டேன். 88-வதில் 'தவறான கூற்று எது' என்பதில் 'தவறான' என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. 131-வது தாவரவியல் கேள்விக்குக் கீ சொல்வது எனக்கு இன்னும் புரியவில்லை. இந்தத் தடவை எதுவும் முடிவு சொல்லவில்லை. யாருக்காவது தெரிந்தால் படத்தோடு போடுங்கள்.

நாளை சாயங்காலம் 6 மணிக்கு வழக்கம்போலப் புதுவண்ணாரப்பேட்டையில் அக்கா வீட்டு மொட்டை மாடி. வருவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் 5 × 10⁻⁸ M HCl-க்கு pH போட்டுக்கொண்டு வாருங்கள். என் விடை 6.89. வேறு ஏதாவது வந்தால் அழிக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள், எந்த வரியில் பிரிகிறது என்று உட்கார்ந்து பார்ப்போம்.

கார்த்திகா